படம் வரவில்லை, படத்தின் கீழ் எழுதிய வரி மட்டும் வந்திருக்கிறது: தென்னந்தோப்புச் சொட்டுநீர் வரைபடம் பற்றிக் கருத்து வேண்டும்

தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மீனாட்சிபுரத்துக்கு மேற்கே, கேரள எல்லைக்குள் எங்களுக்கு 5 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வாய்க்கால் பாசனத்தை விட்டுவிட்டுச் சொட்டுநீருக்கு மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கை மகன் அதற்கான குழாய் வரைபடத்தை வரைந்து மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறான். வரும் வாரம் பொக்லைன் வந்து பள்ளம் பறிக்க இருப்பதால், அதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துப் பிழை இருந்தால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படம் 1: 5 ஏக்கர் தென்னந்தோப்பின் சொட்டுநீர் அமைப்பு. மரம் 360, இடைவெளி 7.5 மீட்டர். மெயின் 63 மி.மீ., சப்மெயின் 50 மி.மீ., லேட்டரல் 16 மி.மீ. மரத்துக்கு 8 லிட்டர் டிரிப்பர் 4. வால்வு 2. அம்புக்குறி நீர் செல்லும் திசையைக் காட்டுகிறது.

பாலக்காட்டுப் பயணி

மிகத் தெளிவான வரைபடம் ஐயா. அளவுகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. தாராளமாகப் பள்ளம் பறிக்கலாம்.

கோபாலபுரம் குழாய்

பயணி அவர்களுக்கு எந்தப் படம் தெரிகிறது என்று அறிய விரும்புகிறேன். என் கைப்பேசியிலும் கடைக் கணினியிலும் ‘படம் 1’ என்று தொடங்கும் வரி மட்டுமே இருக்கிறது. அதற்கு மேலே சிறிய வெற்றுச் சதுரம் ஒன்று தெரிகிறது.

பாலக்காட்டுப் பயணி

மன்னிக்க வேண்டும். எனக்கும் படம் தெரியவில்லை. எழுதியிருந்த விவரத்தைப் படித்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தோப்புக்காரர்

எனக்குப் படம் நன்றாகத் தெரிகிறதே! பக்கத்தை மூடித் திறந்தும் பார்த்துவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது. உங்கள் பக்கம் இணைய வேகம் குறைவாக இருக்குமோ?

சொல்லாய்வு

வரைபட விளக்கத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். ‘லேட்டரல்’ என்பதைப் பக்கக் குழாய் என்றும், ‘டிரிப்பர்’ என்பதைச் சொட்டுவான் என்றும் எழுதலாம். ‘மரம் 360’ என்பதைவிட ‘360 மரங்கள்’ என்பது நன்று. ‘நீர் செல்லும் திசை’ என்பதில் பிழை ஏதும் இல்லை. மற்றபடி விளக்கம் சுருக்கமாகவும் நிறைவாகவும் இருக்கிறது.

தோப்புக்காரர்

நன்றி ஐயா. ஆனால் நான் கேட்டது எழுத்தைப் பற்றி அல்ல, குழாய் போகும் வழியைப் பற்றி.

வலைத்தச்சன்

தோப்புக்காரர் ஐயா, இது வேகக் குறைவு அல்ல. உங்கள் பதிவின் மூலத்தைத் திறந்து பார்த்தேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ இப்படி ஒரு வரி இருக்கிறது (முகவரியை மாற்றிக் காட்டுகிறேன்):

```
<img src="https://mail.example.com/?view=fimg&attid=0.1">
```

மின்னஞ்சலைத் திறந்து, எழுத்தையும் படத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, இங்கே அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒட்டும்போது எழுத்து எழுத்தாகவே வந்துவிடும், ஆனால் படத்துக்குப் பதில் படம் இருக்கும் முகவரிதான் வரும். அந்த முகவரி உங்கள் அஞ்சல் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் உலாவியில் அந்தப் பெட்டி ஏற்கெனவே திறந்திருப்பதால் உங்களுக்குப் படம் காட்டப்படுகிறது. எங்களிடம் அந்தச் சாவி இல்லாததால் கதவு திறக்கவில்லை. `alt` என்ற குறிப்பும் அதில் இல்லாததால் படத்துக்குப் பதில் ஒரு சொல்கூட எங்களுக்குத் தெரியவில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கும் அதே வெற்றுச் சதுரம்தான் தெரியும். சரி செய்ய வேண்டுமானால், அஞ்சலில் வந்த படத்தை முதலில் உங்கள் கணினியில் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, பிறகு அந்தக் கோப்பை இங்கே ஏற்ற வேண்டும்.

தோப்புக்காரர்

மறைநிலையில் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே சதுரம்தான் தெரிகிறது. கணினி மகனுடையது, அவன் மாலையில்தான் வருவான், அதன் பிறகு சேமித்து ஏற்றுகிறேன். அதுவரை, அளவுகள் எல்லாம் அந்த வரியிலேயே இருப்பதால், அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

கணக்கன்

ஓய்வு பெற்ற ஓவர்சியர் என்ற முறையில் சொல்கிறேன், தாராளமாகச் சொல்லலாம். மரத்துக்கு 4 டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் என்றால் மரத்துக்கு 32 லிட்டர் ஆகிறது. 360 மரத்துக்கு மணிக்கு 11,520 லிட்டர். வால்வு இரண்டு இருப்பதால் பாதித் தோப்புக்கு ஒரு முறை என்று வைத்தால் 5,760 லிட்டர், அதாவது நொடிக்கு 1.6 லிட்டர். 63 மி.மீ. குழாயில் இந்த நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓடும். 1.5 மீட்டர் வரை அனுமதிக்கலாம் என்பதே வழக்கம். ஆகவே இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்தாலும் குழாய் தாங்கும். வரைபடம் சரியாக இருக்கிறது, படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

கோபாலபுரம் குழாய்

கணக்கன் ஐயா போட்ட கணக்கில் தவறு இல்லை. மெயின் 63 போதும் என்பதை அந்த வரியிலிருந்தே சொல்லிவிடலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடம் சரி என்ற முடிவு அதிலிருந்து வராது. இந்தத் தொழிலில் நான் பார்த்த வரையில், தோப்பு காய்வது மெயினால் அல்ல, லேட்டரலால்தான். லேட்டரல் எவ்வளவு நீளம் போகிறது என்பது அந்த வரியில் எங்கும் இல்லை.

தோப்பு 20 மரம் கொண்ட 18 வரிசை என்று வைத்துக்கொள்வோம். 7.5 மீட்டர் இடைவெளியில் அது 150 மீட்டர் நீளமும் 135 மீட்டர் அகலமும் ஆகி, சரியாக 5 ஏக்கர் வருகிறது. இப்போது ஐயா எழுதிய அதே வரிக்குப் பொருந்தும்படி மூன்று விதமாக வரைய முடியும். சப்மெயின் ஓர் ஓரத்தில் இருந்து, லேட்டரல்கள் எல்லாம் ஒரே பக்கமாக 150 மீட்டர் போகலாம். அல்லது சப்மெயின் தோப்பின் நடுவே ஓடி, இரு பக்கமும் 75 மீட்டர் லேட்டரல் போகலாம். அல்லது ஓரத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு சப்மெயின் இருந்து, ஒவ்வொன்றும் ஒரே திசையில் 75 மீட்டர் லேட்டரலுக்கு நீர் தரலாம். மூன்றிலும் 63, 50, 16 என்ற அளவுகளும், இரண்டு வால்வும், 4 டிரிப்பரும் ஒன்றே.

ஆனால் பலன் ஒன்றல்ல. 16 மி.மீ. லேட்டரலின் உள்விட்டம் 14 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 10 மரத்துக்கு 75 மீட்டர் ஓடினால் உராய்வில் ஏறத்தாழ 1.3 மீட்டர் அழுத்தம் போகும். 20 மரத்துக்கு 150 மீட்டர் ஓடினால் 2.6 தான் போகும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நீளமும் இரட்டிப்பாகிறது, குழாயின் தலையில் ஓடும் நீரும் இரட்டிப்பாகிறது. அதனால் இழப்பு ஏழு மடங்காகி 9 மீட்டரைத் தொடும். டிரிப்பருக்கு நாம் கொடுப்பதே ஒரு கிலோ அழுத்தம், அதாவது 10 மீட்டர். முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் 2 மீட்டருக்குள் வேறுபாடு இருந்தால்தான் டிரிப்பர் விடும் நீரில் வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும்.

ஆகவே படம் வரும் வரை நான் ‘சரி’ என்றும் சொல்ல மாட்டேன், ‘தவறு’ என்றும் சொல்ல மாட்டேன்.

கணக்கன்

வால்வு இரண்டு என்றால் சப்மெயினும் இரண்டு என்பதுதானே இயல்பு? மூன்றாவது விதமாகத்தான் வரைந்திருப்பார்கள். இதில் ஐயப்பட எதுவும் இல்லை.

நகரி மாந்தோப்பு

கணக்கன் அண்ணா, இப்படி ‘இயல்பு’ என்று எடுத்துக்கொண்டதால்தான் எங்கள் பணம் போனது. எங்களுக்கு நகரிப் பக்கம் மாந்தோப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் சொட்டுநீர் போட்டபோது, என் கணவர் காகிதத்தில் வரைந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்து, கீழே அளவுகளை எழுதி, குழாய் போடுபவருக்கு அனுப்பினார். அவர் வேறொருவருக்கு அனுப்பியபோது எழுத்து மட்டும் போயிருக்கிறது. பொருள் கணக்குப் போட்டவர் தெலுங்குக்காரர். எங்கள் எழுத்தில் இருந்த எண்களை மட்டும் பார்த்து, நிலம் சதுரமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் நிலமோ சாலையிலிருந்து ஏரி வரை நாடாவைப் போல் நீண்டது. படம் வரவில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் அவர் பார்த்துவிட்டார் என்றே நம்பினோம்.

முதல் கோடையிலேயே ஏரிப் பக்கத்து மரங்கள் வாடின. நான் ஒரு 200 மில்லி எவர்சில்வர் தம்ளரைப் பிடித்துப் பார்த்தேன். சாலைப் பக்கத்து முதல் மரத்தடியில் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது. கடைசி மரத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. மறுபடியும் பள்ளம் பறித்து நடுவில் சப்மெயின் போட்டோம். பறித்த கூலி இரண்டு முறை, ஒட்டுமாமர வேர் வெட்டுப்பட்டது தனி.

கோபாலபுரம் குழாய்

அம்மா எழுதியிருக்கும் தம்ளர் சோதனை மிகச் சரியானது. 8 லிட்டர் டிரிப்பர் நிமிடத்துக்கு 133 மில்லி விட வேண்டும், 200 மில்லி ஒன்றரை நிமிடத்தில் நிரம்ப வேண்டும். நான்கு நிமிடம் என்றால் அங்கே மணிக்கு 3 லிட்டர்தான் வந்திருக்கிறது. அடைப்பாக இருந்தால் ஒரு மரத்தில் மட்டும் அப்படி இருக்கும். வரிசை போகப் போகச் சீராகக் குறைந்து, எல்லா வரிசையின் கடைசியிலும் அப்படியே இருந்தால் அது நீளத்தின் பிழை.

தோப்புக்காரர் அண்ணா, படம் உங்களுக்கு மட்டுமாவது தெரிகிறதல்லவா? அதைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். போரில் தொடங்கி நீரோடு நடந்து போவதைப் போல, முதலில் என்ன வருகிறது, எந்தத் திசையில் திரும்புகிறது, எத்தனை மரம் கடக்கிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள். படத்தில் இல்லாததை, உங்கள் மனத்தில் இருப்பதை, தனியாகச் சொல்லுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

தோப்புக்காரர்

பார்த்தபடியே எழுதுகிறேன். போர் தோப்பின் வடகிழக்கு மூலையில், சாலையோரம் இருக்கிறது. அதையடுத்து ஃபில்டர் என்று ஒரு பெட்டி வரையப்பட்டிருக்கிறது. மெயின் அங்கிருந்து கிழக்கு ஓரமாகவே தெற்கே இறங்கித் தோப்பின் பாதியில் நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு வால்வு. ஒன்றிலிருந்து சப்மெயின் வடக்கே ஒன்பது வரிசைக்கும், மற்றொன்றிலிருந்து தெற்கே ஒன்பது வரிசைக்கும், அதே கிழக்கு ஓரத்திலேயே போகிறது. லேட்டரல் எல்லாம் மேற்கே போகிறது. ஒரு வரிசையில் 20 மரம். ஒவ்வொரு லேட்டரலின் முடிவிலும் சிறிய பெருக்கல் குறி போட்டிருக்கிறான்.

```
போர்-ஃபில்டர்
   20 மரம் <--------|
   (9 வரிசை) <------|
                  வால்வு 2
   (9 வரிசை) <------|
   20 மரம் <--------|
மேற்கு            கிழக்கு ஓரம்
```

போரும் ஃபில்டரும் இந்தக் கோட்டு வரைவில் இடப்பக்கம் விழுந்துவிட்டன, அவை உண்மையில் வலப்பக்க மூலையில் இருக்கின்றன. படத்தில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: மேற்கே தோடு போகிறது, தோப்பு அந்தப் பக்கம் சரிவு.

சொல்லாய்வு

மேற்கே தோடு போகிறது என்பது விளங்கவில்லை. காதில் அணிவதையா குறிப்பிடுகிறீர்கள்?

தோப்புக்காரர்

இங்கே ஓடையைத் தோடு என்றுதான் சொல்வோம் ஐயா. மலையாளச் சொல், எங்கள் வாயில் ஊறிவிட்டது.

கோபாலபுரம் குழாய்

அப்படியானால் முதல் விதம்தான், மூன்றாவது அல்ல. வால்வு இரண்டு இருந்தும் லேட்டரல் 150 மீட்டர் போகிறது, ஏனென்றால் தோப்பைக் கிழக்கு மேற்காகப் பிரிக்காமல் வடக்கு தெற்காகப் பிரித்திருக்கிறார்கள். சரிவு எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியுமா?

தோப்புக்காரர்

ஓர் ஆள் உயரம் இருக்கும் என்று நினைக்கிறேன். அளந்ததில்லை.

கோபாலபுரம் குழாய்

1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். சரிவு நமக்கு உதவியாகத்தான் இருக்கிறது, ஆனால் 9 மீட்டர் இழப்பில் 1.6 திரும்பக் கிடைத்தாலும் 7 மீட்டருக்கு மேல் குறை நிற்கிறது. எல்லா டிரிப்பரும் முழு 8 லிட்டர் விட்டால் என்ற கணக்கில் வந்தது இந்த 9 என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடப்பில் மேற்குப் பக்கத்து டிரிப்பர்கள் அவ்வளவு விடமாட்டா, அதனால் இழப்பும் சற்றுக் குறையும். ஆனால் அந்த மரங்களுக்கு நீர் போகவில்லை என்பதற்கு அது வேறு பெயர்தான்.

கணக்கன்

என் ஊகம் தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் இதற்குப் படத்தை மாற்றத் தேவையில்லை. மோட்டாரைப் பெரிதாக்கி அழுத்தத்தை இரண்டு கிலோ ஆக்கிவிட்டால் கடைசி மரம் வரை தள்ளிவிடும்.

கோபாலபுரம் குழாய்

சாதாரண டிரிப்பர் வைத்திருக்கும்போது அது பயன்படாது ஐயா. அழுத்தம் கூடினால் முதல் மரத்து டிரிப்பரும் கூடுதலாக விடும், குழாயில் ஓடும் நீர் கூடும், அதனால் இழப்பும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் உள்ள விகிதம் மாறாது, கரண்ட் செலவு மட்டும் மாறும்.

கணக்கன்

அழுத்தத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் டிரிப்பர் கிடைக்கிறதே, அதைப் போட்டால்?

கோபாலபுரம் குழாய்

அதைப் போட்டால் நீங்கள் சொன்னது சரியாகிவிடும், இதை மறுக்க முடியாது. லேட்டரலின் தலையில் 17 அல்லது 18 மீட்டர் அழுத்தம் கொடுத்தால் கடைசி மரம் வரை 8 லிட்டர் வரும். ஆனால் 1,440 டிரிப்பரும் அந்த வகையாக வாங்க வேண்டும், விலை கூடுதல்.

எனக்குத் தோன்றும் வழிகள் இரண்டு. மெயினை இன்னும் 75 மீட்டர் உள்ளே கொண்டுபோய், சப்மெயினை நடுவில் வடக்கு தெற்காக ஓட்டி, லேட்டரலை இரு பக்கமும் விடுவது ஒன்று. லேட்டரலின் மொத்த நீளம் கூடாது, 75 மீட்டர் 63 குழாயும் அதற்கான பள்ளமும் மட்டும் கூடுதல். சரிவு ஒரு பக்கம் சாதகமாகவும் மறுபக்கம் பாதகமாகவும் இருக்கும், ஆனால் 75 மீட்டருக்கு 0.8 மீட்டர்தான் என்பதால், ஏற்றமான கிழக்குப் பக்கத்திலும் வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டரில் நின்றுவிடும்.

மற்றொன்று, படத்தைத் தொடாமல் 8 லிட்டர் டிரிப்பருக்குப் பதில் 4 லிட்டர் டிரிப்பர் போடுவது. ஓடும் நீர் பாதியானால் இழப்பு 9 மீட்டரிலிருந்து 2.5 ஆகிவிடும். அதில் சரிவு 1.6 திரும்பக் கிடைக்கும். குறைந்த அழுத்தம் கடைசி மரத்தில் இராது, வரிசையின் நடுவில் இருக்கும், ஆனால் அங்கும் குறை ஒன்றரை மீட்டருக்குள்தான். நேரமும் வீணாகாது: இப்போது வால்வுக்கு இரண்டு மணி நேரமாக நான்கு மணி நேரம் ஓட்ட நினைத்திருப்பீர்கள், 4 லிட்டர் டிரிப்பரில் இரண்டு வால்வையும் ஒன்றாகத் திறந்து அதே நான்கு மணி நேரம் ஓட்டினால் மரத்துக்கு அதே 64 லிட்டர் போய்விடும். மோட்டார் தள்ள வேண்டியதும் மணிக்கு அதே 5,760 லிட்டர்தான்.

நகரி மாந்தோப்பு

4 லிட்டர் டிரிப்பர் எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் ஓராண்டு தாங்கவில்லை. துளை சிறியது, உப்பு வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிட் விட வேண்டியிருக்கிறது. நான் நடு சப்மெயினுக்குத்தான் ஆதரவு.

கோபாலபுரம் குழாய்

அம்மா சொல்வது தண்ணீரைப் பொறுத்தது. தோப்புக்காரர் அண்ணா வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா?

தோப்புக்காரர்

படிகிறது. மாதம் ஒரு முறை புளி போட்டுத் தேய்க்கிறோம். நடுவில் பள்ளம் பறிப்பதற்கும் தயக்கம் இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஊடுபயிராக ஜாதிக்காய்க் கன்றுகள் மூன்று வயதில் நிற்கின்றன. வீட்டில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது படத்தைக் கோப்பாகச் சேமித்து ஏற்றியிருக்கிறேன். மறைநிலையிலும் பார்த்தேன், தெரிகிறது. கீழே அந்த வரியிலும் ‘சப்மெயின் கிழக்கு ஓரம், லேட்டரல் 150 மீட்டர் மேற்கு நோக்கி’ என்று சேர்த்திருக்கிறேன்.

வலைத்தச்சன்

எனக்கும் தெரிகிறது.

கோபாலபுரம் குழாய்

தெரிகிறது. நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இல்லை, இரண்டு இடத்திலும் வைக்கச் சொல்லுங்கள், ஃபில்டர் எப்போது அடைத்தது என்று அதுதான் காட்டும். லேட்டரல் முடிவில் இருக்கும் பெருக்கல் குறி எண்ட் கேப்பா, திறந்து கழுவும் வால்வா என்று படத்திலும் இல்லை, கீழே உள்ள வரியிலும் இல்லை. உங்கள் தண்ணீருக்கு அது முக்கியம்.

தோப்புக்காரர்

தங்கை மகனிடம் கேட்டேன். ‘அது குழாய் முடிந்துவிட்டது என்பதற்குப் போட்டது மாமா, வேறொன்றும் நினைத்துப் போடவில்லை’ என்கிறான். பொக்லைன்காரரை அடுத்த வாரத்துக்குப் பதில் பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்துவிட்டு, சரிவு உண்மையில் எவ்வளவு என்று எழுதுகிறேன்.